20 நிமிடத்தில் 1,500 ஸ்கிப்பிங்: கணக்கு எங்கே இடித்தது?

ஸ்கிப்பிங்கில் இலக்கு வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு வகுத்தலோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 120 தாண்டுகிறேன், 1,500 தாண்ட வேண்டும், ஆக பன்னிரண்டரை நிமிடம் என்று. மைதானத்தில் இறங்கினால் அது இருபது நிமிடத்தைத் தாண்டிப் போகிறது. இடைப்பட்ட நேரம் எங்கே போனது என்பதை ஒரு மாதிரி நிகழ்வை எடுத்து நொடிக்கணக்கில் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. இதிலுள்ள ஆளும் எண்களும் கணக்கு விளங்குவதற்காக அமைத்துக்கொண்டவை. முறை எல்லோருக்கும் பொருந்தும், எண்களை மட்டும் அவரவர் அளந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

நிகழ்வு

பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறார். காலை 6.40 முதல் 7.00 வரை மைதானத்தின் ஓரத்தில் ஸ்கிப்பிங் போட இடம் கிடைக்கும், 7 மணிக்கு அணியின் பயிற்சி தொடங்கிவிடும். இந்த 20 நிமிடத்துக்குள் 1,500 தாண்டல் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. ஒரு நிமிடம் தாண்டி, 30 நொடி ஓய்வெடுத்து, மறுபடி ஒரு நிமிடம் என்று போவதாகத் திட்டம். அவருடைய வேகம் நிமிடத்துக்கு 120. உடற்பயிற்சி ஆய்வாளர்கள் கையாளும் 2011ஆம் ஆண்டின் ஆற்றல் செலவுத் தொகுப்பு ஸ்கிப்பிங்கை மூன்றாகப் பிரிக்கிறது: நிமிடத்துக்கு 100க்குக் கீழே மெதுவேகம், 100 முதல் 120 வரை நடுத்தரம், 120 முதல் 160 வரை வேகம். மாணவி நிற்பது நடுத்தரத்தின் மேல் விளிம்பில். அந்த வேகத்தைப் பல நிமிடங்களுக்கு அப்படியே பிடித்து வைப்பது எளிதல்ல.

கணக்குக்குப் போகுமுன் எதை ஒரு தாண்டல் என்று எண்ணுகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். கயிறு காலடியில் ஒருமுறை கடந்தால் ஒன்று என்பதே இங்கே அளவு. கயிறு ஒரு சுற்று வருவதற்குள் இரண்டு துள்ளல் போடும் பழக்கம் பலருக்கு உண்டு, புதிதாகக் கற்பவர்களிடம் அது அதிகம். அவர்கள் கால் தரையைத் தொடுவதை எண்ணினால் 120 வரும், கயிற்றை எண்ணினால் 60தான். இலக்கை ஒரு வகையில் வைத்துவிட்டு வேகத்தை இன்னொரு வகையில் அளந்தால் கணக்கு சரிபாதியாகவோ இரட்டிப்பாகவோ பிசகும். சர்வதேச ஸ்பீட் போட்டிகளில் ஓடுவதுபோல் கால் மாற்றித் தாண்டுவார்கள், நடுவர்கள் வலது காலை மட்டும் எண்ணுவார்கள். அந்த எண்ணை நம் எண்ணோடு ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டால் பெருக்க வேண்டும். மாணவி இரண்டு காலையும் சேர்த்து, சுற்றுக்கு ஒரு துள்ளலாகத் தாண்டுபவர். ஆகவே அவருக்குச் சுற்றும் துள்ளலும் ஒரே எண்.

தாளில் போட்ட கணக்கு

ஒரு செட்டுக்கு 120. பன்னிரண்டு முழு செட்டில் 1,440 ஆகிவிடும். மிச்சம் 60 தாண்டல், அதற்கு அரை நிமிடம். ஆக மொத்தம் பன்னிரண்டு முழு செட்டும் ஒரு அரை செட்டும், தாண்டும் நேரம் 12 நிமிடம் 30 நொடி.

ஓய்வைக் கணக்கிடும்போதுதான் முதல் பிழை வரும். பதின்மூன்று செட் இருப்பதால் பதின்மூன்று ஓய்வு என்று போட்டுவிடுகிறார்கள். ஐந்து விரல்களுக்கு நடுவே நான்கு இடைவெளி இருப்பதைப்போல, பதின்மூன்று செட்டுக்கு நடுவே பன்னிரண்டு ஓய்வுதான். கடைசி செட் முடிந்தால் இலக்கும் முடிந்துவிட்டது, அதற்குப் பின் எடுக்கும் ஓய்வு இந்தக் கணக்கில் சேராது. பன்னிரண்டு ஓய்வுக்கு 6 நிமிடம். மொத்தம் 18 நிமிடம் 30 நொடி.

கடைசி செட்டையும் முழு செட்டாக எடுத்து, செட்டுக்கு ஒன்றரை நிமிடம் என்று 13ஐ ஒன்றரையால் பெருக்கினால் 19 நிமிடம் 30 நொடி வரும். இது ஒரு நிமிடம் அதிகம். அதில் பாதி இல்லாத ஓய்வு, பாதி இல்லாத அரை செட். கையில் 20 நிமிடம் மட்டுமே இருப்பவருக்கு இந்த ஒரு நிமிடம் பெரிய தொகை, ஏனென்றால் தடுமாற்றங்களுக்காக ஒதுக்கக்கூடிய நேரம் அதுதான். சரியான கணக்குப்படி மாணவியிடம் உபரியாக 1 நிமிடம் 30 நொடி இருக்கிறது. திட்டம் பொருந்துகிறது என்று தோன்றும்.

மைதானத்தில் நடந்தது

முதல் நாள் அணித் தோழி ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு பக்கத்தில் நின்று, ஒவ்வொரு செட்டின் எண்ணிக்கையையும், கயிறு காலில் தட்டி நின்ற தடவைகளையும் குறித்தார். இனி அதைத் தட்டல் என்றே சொல்வோம். குறிப்பு இப்படி இருந்தது:

| செட் | செட்டுக்குத் தட்டல் | செட்டுக்குத் தாண்டல் | அதுவரை மொத்தம் |
|---|---|---|---|
| 1, 2 | 0 | 120 | 240 |
| 3, 4, 5 | 1 | 114 | 582 |
| 6, 7, 8 | 2 | 108 | 906 |
| 9, 10, 11 | 3 | 102 | 1,212 |
| 12, 13, 14 | 4 | 96 | 1,500 |

1,500 முடிந்தபோது வாட்ச் காட்டியது 22 நிமிடம் 40 நொடி. சரியாக 20ஆவது நிமிடத்தில் அவர் பன்னிரண்டு செட் முடித்து, பன்னிரண்டாவது ஓய்வின் முடிவில் நின்றார். அப்போது மொத்தம் 1,308, இலக்குக்கு 192 குறைவு.

திட்டத்துக்கும் நடந்ததற்கும் வித்தியாசம் 4 நிமிடம் 10 நொடி. "களைத்துப் போயிட்டேன், வேகம் குறைஞ்சிடுச்சு" என்றுதான் யாரும் முதலில் சொல்வார்கள். முதல் செட்டில் 120, கடைசி செட்டில் 96 என்பதைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அட்டவணையை ஊன்றிப் பார்த்தால் ஒவ்வொரு தட்டலுக்கும் ஆறு தாண்டல்தான் குறைந்திருக்கிறது, அதற்கு மேல் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆறு தாண்டல் என்பது 120 வேகத்தில் மூன்று நொடி. கயிறு தட்டினால் அது முன்னால் விழும். அதைக் காலுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும், கையை இடுப்பு உயரத்துக்கு எடுத்துவர வேண்டும், முதல் வீச்சைத் தொடங்க வேண்டும். மூன்று நொடி அப்படித்தான் கரைகிறது. கயிறு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய தாளம் கடைசி செட் வரை 120ஆகவே இருந்திருக்கிறது.

இந்த இரண்டையும் பிரித்தறியாமல் திட்டத்தைத் திருத்தப் போகக் கூடாது. தாளம் என்பது தட்டல் இல்லாமல் ஓடும்போது கயிறு சுற்றும் வேகம். நிகர எண்ணிக்கை என்பது ஒரு நிமிடத்தில் கையில் மிஞ்சியது. தாளமே குறைந்தால் மூச்சோ காலோ தாங்கவில்லை என்று பொருள், அதற்கு ஓய்வைக் கூட்ட வேண்டும் அல்லது இலக்கைக் குறைக்க வேண்டும். தாளம் நிலையாக இருந்து நிகர எண்ணிக்கை மட்டும் குறைந்தால் கையிலும் கயிற்றிலும் கோளாறு, ஓய்வைக் கூட்டினால் நேரம்தான் போகும். எது நடக்கிறது என்று கண்டுபிடிக்கத் தட்டல் இல்லாத ஏதாவது 15 நொடியைப் பிந்தைய செட்டுகளில் எண்ணிப் பார்த்தால் போதும். அங்கே 30 வந்தால் தாளம் 120ஆகவே இருக்கிறது.

இனி 4 நிமிடம் 10 நொடியைப் பிரிக்கலாம். மொத்தத் தட்டல் 30, அதனால் இழந்தது 180 தாண்டல். அந்த இழப்பை ஈடுகட்ட அவர் கூடுதலாகத் தாண்ட வேண்டியிருந்தது. அதனால் திட்டத்தில் பன்னிரண்டரை செட்டாக இருந்தது பதினாலு செட் ஆனது. அது ஒன்றரை நிமிடம். கூடவே ஒரு ஓய்வும் கூடியது, அது அரை நிமிடம். ஆகத் தட்டலின் பங்கு சரியாக 2 நிமிடம்.

மிச்சம் 2 நிமிடம் 10 நொடி ஓய்வுக்குள் ஒளிந்திருந்தது. பதினாலு செட்டுக்கு நடுவே பதின்மூன்று ஓய்வு. தாண்டிய 14 நிமிடத்தைக் கழித்தால் ஓய்வுக்குப் போனது 8 நிமிடம் 40 நொடி, சராசரி 40 நொடி. திட்டம் 30 நொடி. யாரும் வேண்டுமென்றே பத்து நொடி கூட நிற்கவில்லை. 30 நொடி முடிந்ததும் தோழி குரல் கொடுக்கிறார், அதன் பிறகுதான் மாணவி தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்து, கயிற்றை எடுத்து, முறுக்கைச் சரிசெய்து, இரண்டு முறை ஆட்டிப் பார்த்துத் தொடங்குகிறார். அவர் மனதில் ஓய்வு 30 நொடி, வாட்ச்சில் 40. ஓய்வை அளக்க வேண்டியது கடைசித் தாண்டலிலிருந்து அடுத்த முதல் தாண்டல் வரை. இடையில் என்ன செய்தாலும் அது ஓய்வுக் கணக்கில்தான் வரும்.

பாதிக்கு மேல் பிழை ஓய்வில் இருந்தது என்பதுதான் இந்த நிகழ்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. வேகத்தை எண்ணுவதற்கு எல்லோரும் மெனக்கெடுகிறார்கள், ஓய்வை எண்ணுவதற்கு ஆளில்லை.

தட்டல் ஏன் கடைசியில் குவிகிறது

தோழியின் குறிப்பில் இன்னொன்றும் இருந்தது. 30 தட்டலில் 19 அந்தந்த செட்டின் கடைசி 15 நொடியில் விழுந்தவை. இதற்கு உடலியல் காரணம் ஒன்று உண்டு. தோள் களைக்கும்போது முழங்கை உடலை விட்டு வெளியே விலகும். கைகள் அகன்றால் கயிற்றின் நீளத்தில் கொஞ்சம் இரு பக்கமும் செலவாகிவிடும், காலடியில் கடக்க வேண்டிய வளைவு மேலே ஏறும். அதே கயிறு, அதே தாளம், ஆனால் பெருவிரல் நுனியில் தட்டும். கூடவே துள்ளலின் உயரமும் குறைவதால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

கயிறு எங்கே தட்டுகிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். செட்டின் தொடக்கத்தில் சரியாகப் போய், முடிவில் மட்டும் விரல் நுனியில் தட்டினால் கை அகல்கிறது. முதல் பத்து நொடியிலேயே தட்டினால், அல்லது தலையில் உரசினால், கயிறே குட்டை. தரையில் பலமாக அடித்துத் துள்ளி எழுந்து கணுக்காலில் சிக்கினால் கயிறு நீளம். அளவு பார்க்க, கயிற்றின் நடுவில் ஒரு காலை வைத்து இரு கைப்பிடியையும் நேராக மேலே தூக்கினால் கைப்பிடியின் நுனி அக்குள் வரை வர வேண்டும். பழகியவர்கள் இதைவிடக் குட்டையாகவும் வைத்துக்கொள்வார்கள், அது அவர்கள் கை அகலாமல் இருப்பதால் முடிகிறது. பிளாஸ்டிக் கயிற்றைச் சுருட்டியே வைத்திருந்தால் சுருண்ட வடிவமே தங்கி, சுற்றும்போது வளைவு நெளியும். முந்தின நாளே தொங்கவிட்டு வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

செட்டை நிமிடத்தால் அளப்பதா, எண்ணிக்கையால் அளப்பதா

மாணவியின் திட்டம் நிமிடத்தால் அளந்த செட். அதில் நேரம் உறுதி, தாண்டல் உறுதியில்லை. தட்டினால் அந்த செட்டில் தாண்டல் குறையும், குறைந்தது கடைசியில் புதிய செட்டாகவும் புதிய ஓய்வாகவும் வந்து நிற்கும். எண்ணிக்கையால் அளந்த செட்டில் இது தலைகீழ். ஒவ்வொரு செட்டும் 100 தாண்டல் என்று வைத்தால், தட்டினாலும் தட்டாவிட்டாலும் 15 செட்டில் 1,500 வந்தே தீரும். ஒரு தட்டலின் விலை மூன்று நொடி மட்டுமே, அது புதிய ஓய்வு எதையும் பெற்றுத் தராது. இலக்கு எண்ணிக்கையாக இருந்தால் செட்டும் எண்ணிக்கையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "10 நிமிடம் விடாமல் தாண்டு" என்பதுபோல் நேரமே இலக்கானால் நிமிட செட் பொருந்தும்.

எண்ணிக்கை செட்டுக்கான கணக்கு ஒரே வரியில் அடங்கும். விரிதாளில் B1 இலக்கு, B2 தாளம், B3 ஒரு செட்டின் தாண்டல், B4 ஓய்வு நொடி, B5 எதிர்பார்க்கும் தட்டல், B6 ஒரு தட்டலுக்கு ஆகும் நொடி என்று போட்டால் மொத்த நேரம் நொடியில் இப்படி வரும்:

```
=B1/B2*60 + (ROUNDUP(B1/B3,0)-1)*B4 + B5*B6
```

மாணவிக்கு இதைப் போடுவோம். இலக்கு 1,500, தாளம் 120 என்றால் தாண்டும் நேரம் 750 நொடி. 100 வீதம் 15 செட், நடுவே 14 ஓய்வு. ஒரு செட் இப்போது 60க்குப் பதில் 50 நொடிதான் ஓடுகிறது, ஆகவே ஓய்வையும் அதே விகிதத்தில் 25 நொடியாக வைக்கலாம். 14 ஓய்வுக்கு 350 நொடி. தட்டல் முதல் நாளைப் போல 30 என்றே வைத்தால் 90 நொடி. மொத்தம் 1,190 நொடி, அதாவது 19 நிமிடம் 50 நொடி. இலக்குக்குள் வருகிறது, ஆனால் பத்து நொடிதான் மிச்சம். ஓய்வு ஒவ்வொன்றும் ஒரே ஒரு நொடி நீண்டால் 14 நொடி கூடும், 20 நிமிடம் தாண்டிவிடும்.

அந்தப் பத்து நொடியை எப்படிப் பெருக்குவது? வேகத்தைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தாளத்தை 130 ஆக்கினால் தாண்டும் நேரம் 750 நொடியிலிருந்து 692 ஆகும், 58 நொடி மிச்சம். ஓய்வை 25லிருந்து 20க்குக் குறைத்தால் 70 நொடி மிச்சம். தட்டலை 30லிருந்து 15க்குக் குறைத்தால் 45 நொடி மிச்சம். எண்ணில் பார்த்தால் ஓய்வைக் குறைப்பது லாபம், ஆனால் இம்மூன்றும் தனித்தனியாக நிற்பவை அல்ல. வேகத்தைக் கூட்டினால் தட்டல் கூடும், 20 தட்டல் கூடினாலே அந்த 58 நொடியும் போய்விடும். ஓய்வைக் குறைத்தால் தோள் சீக்கிரம் களைத்துக் கை அகலும், அதிலும் தட்டல் கூடும். தட்டலைக் குறைப்பது மட்டுமே மற்ற இரண்டையும் கெடுக்காத வழி.

தாளத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்றும் பார்க்கலாம். நிமிடத்துக்கு 110 என்றால் தாண்டும் நேரம் 818 நொடி. அந்தத் தாளத்தில் தட்டல் 30லிருந்து 10 ஆகக் குறைந்தால் 30 நொடிதான் தட்டலுக்கு. ஓய்வு அதே 350. மொத்தம் 1,198 நொடி. 120 தாளத்தில் 30 தட்டலோடு போனதற்கும் இதற்கும் எட்டே நொடி வித்தியாசம். தட்டல் அதிகமுள்ளவர்கள் பத்துத் தாண்டல் மெதுவாகப் போனால் எதையும் பெரிதாக இழக்க மாட்டார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. கயிறு ஓடாமல் நிற்கும் நேரம் குறைந்து, மூச்சும் சீராகும்.

இரண்டாவது முயற்சி

மாணவி 120 தாளத்தையே வைத்துக்கொண்டு, 100 வீதம் 15 செட்டுக்கு மாறினார். இரண்டு மாற்றங்கள் மட்டும் செய்தார். ஓய்வில் கயிற்றைக் கீழே போடாமல் கையிலேயே வைத்திருந்தார், தண்ணீர் ஐந்து செட்டுக்கு ஒருமுறை மட்டும். தோழி ஓய்வு முடிந்ததும் சொல்லாமல், 20ஆவது நொடியிலேயே "கயிறு பின்னால" என்று குரல் கொடுத்தார், 25ஆவது நொடியில் முதல் தாண்டல் விழும்படி. எண்ணுவதிலும் ஒரு ஏற்பாடு: தாண்டுபவர் மனதுக்குள் பத்துப் பத்தாக எண்ணுவார், தோழி செட்டை மட்டும் கோடு போட்டு எண்ணுவார். நூறு வரை ஒன்று ஒன்றாக எண்ணினால் "எழுபத்தெட்டு", "எழுபத்தொன்பது" போன்ற நீண்ட சொற்கள் அரை நொடிக்குள் அடங்காமல் எண்ணிக்கை நழுவும். அதனால் ஒன்று முதல் பத்து வரை சொல்லி, பத்தாவதில் மட்டும் பத்து, இருபது என்று மாற்றுவது நல்லது.

அன்றைய முடிவு: தட்டல் 14, ஓய்வின் சராசரி 27 நொடி. தாண்டல் 750 நொடி, ஓய்வு 378 நொடி, தட்டல் 42 நொடி. மொத்தம் 1,170 நொடி, 19 நிமிடம் 30 நொடி. தட்டல் பாதிக்கும் கீழே போனதற்குக் காரணம் புதிய திறமை எதுவும் இல்லை. தட்டல் குவியும் கடைசிப் பதினைந்து நொடியில் பத்து நொடி, செட் 50 நொடியானதும் தானாகவே காணாமல் போய்விட்டது.

ஓய்வு 25 என்று திட்டமிட்டும் 27 வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். குரல் கொடுக்க ஆள் இருந்தும் இரண்டு நொடி கசிகிறது. தனியாகப் பயிற்சி செய்பவர்கள் திட்டத்தில் எழுதும் ஓய்வோடு ஐந்து நொடி கூட்டிக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு.

அளக்கும் இடத்தில் வரும் பிழைகள்

சூத்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் உள்ளே போகும் தாளம் தவறென்றால் விடையும் தவறும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது பரவலான வழி. ஒரே ஒரு தாண்டலைக் கூடவோ குறையவோ எண்ணினால் அது நான்கு தாண்டல் பிழையாக விரியும். அதைவிடக் கெடுதல், பெரும்பாலும் அந்த 15 நொடியை முதல் செட்டின் தொடக்கத்தில், உடல் புத்துணர்வோடு இருக்கும்போது எடுப்பது. அப்போது 32 வந்தால் தாளம் 128 என்று எழுதிவிடுவார்கள், 1,500க்கு 703 நொடி போதும் என்று கணக்கு சொல்லும், உண்மையில் 750 ஆகும். இரண்டாவது அல்லது மூன்றாவது செட்டின் நடுவில் 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குவது நம்பத்தக்கது. அந்த 30 நொடிக்குள் தட்டினால் அதை விட்டுவிட்டு அடுத்த செட்டில் எடுக்க வேண்டும்.

தட்டலுக்கு ஆகும் நொடியையும் ஊகிக்காமல் அளக்கலாம். போனில் ஒரு செட்டை வீடியோ எடுத்து, கயிறு தட்டிய கணத்திலிருந்து அடுத்த தாண்டல் வரை ஐந்து தட்டல்களுக்குப் பார்த்துச் சராசரி எடுத்தால் போதும். பழகியவருக்கு இரண்டு நொடியாக இருக்கலாம், கயிறு காலைச் சுற்றிக்கொள்ளும் புதியவருக்கு ஐந்து நொடியும் ஆகலாம். 30 தட்டல் இருந்தால் இந்த வித்தியாசம் மட்டுமே ஒன்றரை நிமிடம்.

கைப்பிடியில் எண்ணும் கருவி உள்ள கயிறுகளைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அது எண்ணுவது கயிற்றின் சுற்றை, தாண்டலை அல்ல. தட்டிய பிறகு கயிற்றைப் பின்னால் வீசி எடுக்கும் வீச்சும், செட் தொடங்குமுன் சும்மா சுற்றிப் பார்ப்பதும் சில கருவிகளில் சேர்ந்துவிடும். தட்டலுக்கு ஒன்று வீதம் சேர்ந்தாலும் 30 தட்டலில் 30 போலித் தாண்டல். ஒரு செட்டைக் கையால் எண்ணிக் கருவியோடு ஒப்பிட்டால் எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துவிடும். அந்த சோதனையை வேண்டுமென்றே இரண்டு மூன்று தட்டல் வரும் செட்டில் செய்ய வேண்டும், சுத்தமாக ஓடும் செட்டில் கருவி பெரும்பாலும் சரியாகத்தான் காட்டும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கும் இதே எண்கள் உதவும். தட்டலைக் கழித்த பிறகும் தாளம் முதல் செட்டின் 80 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது 120க்கு 96க்குக் கீழே, அடுத்தடுத்து இரண்டு செட்டில் போனால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தலாம் என்பது நான் வைக்கும் எல்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் ஓரத்திலோ குதிகால் தசைநாணிலோ வலி வந்தால் எண் எதைக் காட்டினாலும் நிறுத்த வேண்டும், கணக்கு அந்த வலியைக் காட்டித் தராது.

இலக்கைக் கூட்டினால்

மாணவி அடுத்து 1,800 என்று யோசிக்கிறார், நேரம் அதே 20 நிமிடம். இங்கே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு, எவ்வளவு ஓய்வு மிஞ்சும் என்று கேட்பதே சரியான கேள்வி. 120 தாளத்தில் 1,800க்கு 900 நொடி. தட்டல் 18 என்று வைத்தால் 54 நொடி. 1,200 நொடியிலிருந்து இரண்டையும் கழித்தால் 246 நொடி மிச்சம். 18 செட்டுக்கு நடுவே 17 ஓய்வு. ஒன்றுக்கு 14 நொடிதான் கிடைக்கும். 50 நொடி தாண்டிவிட்டு 14 நொடியில் மறுபடி தொடங்குவது இப்போதைக்கு அவரால் முடிகிற காரியமல்ல, இரண்டாவது முயற்சியில் 27 நொடி தேவைப்பட்டது.

தாளத்தை 130 ஆக்கினால் தாண்டும் நேரம் 831 நொடி, ஓய்வுக்கு 315 நொடி, ஒன்றுக்கு 18 நொடி. அதுவும் தட்டல் 18ஐத் தாண்டாது என்ற நிபந்தனையில். இதை முழுதாக முயலுமுன் ஆறு செட் மட்டும் 130 தாளத்தில், 18 நொடி ஓய்வோடு போட்டுத் தட்டலை எண்ணினால் போதும். ஆறு செட்டில் ஆறுக்கு மேல் தட்டினால் 1,800க்கு 20 நிமிடம் போதாது, 25 நொடி ஓய்வோடும் 120 தாளத்தோடும் 23 நிமிடம் கேட்டு, பயிற்சியை 6.37க்குத் தொடங்க வேண்டியதுதான்.